கரண்ட் போகும் நாளிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள்: புது வைத்தியசாலைக்கான கமிஷனிங் திட்டம்

கேள்வி: "சேர், ஹட்டன் பக்கம் கட்டி முடியப்போற ஒரு வைத்தியசாலைக்கு கமிஷனிங் திட்டம் எழுதச் சொல்லியிருக்காங்க. நான் கன்ட்ராக்டர் பக்கத்து மின் பொறியியலாளர். மூணு மாடி, ரெண்டு தியேட்டர், ஆறு கட்டில் ஐசியூ, 500 கேவிஏ ஜெனரேட்டர் ஒண்ணு. பொறுப்புகள், டெஸ்ட் ஒழுங்கு, சாட்சி, இஷ்யூ லொக் எண்டு நாலு தலைப்போட ஒரு டெம்ப்ளேட் தந்தாங்க. அதை நிரப்பினாப் போதுமா? எங்க இருந்து தொடங்குறது?"

தம்பி, கமிஷனிங் என்பது கட்டடத்தை ஒப்படைக்கும் முன் அதன் சாமான்கள் எல்லாம் சேர்ந்து சரியாக ஓடுகின்றனவா என்று டெஸ்ட் பண்ணிப் பார்ப்பது. ஆகவே டெம்ப்ளேட்டை மேலிருந்து கீழே நிரப்பிக்கொண்டு போகாதீர்கள். அப்படி நிரப்பினால் 80 பக்கம் வரும், எல்லோரும் கையெழுத்து வைப்பார்கள், சைட்டில் ஒருவரும் திறந்து பார்க்க மாட்டார்கள். ஒரேயொரு நாளின் தாளை முதலில் எழுதுங்கள். கட்டடம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சார சபையின் இணைப்பை வேண்டுமென்றே துண்டித்துப் பார்க்கிற நாள் அது. அந்தத் தாளை ஒழுங்காக எழுத முயன்றால், அதற்கு முன்னால் எவையெல்லாம் முடிந்திருக்க வேண்டும், யார் எங்கே நிற்க வேண்டும், பிழை வந்தால் எங்கே எழுதுவது என்ற மூன்றும் தாமாக வந்து விழும். நாலு தலைப்பும் அதிலேயே நிரம்பிவிடும்.

ஏன் அந்த நாள்? தனித்தனி டெஸ்டில் எல்லாமே பாஸாகும். ஜெனரேட்டர் கம்பனிக்காரர் வந்து ஓட்டிக் காட்டிவிட்டுப் போவார். ஏசிக்காரர் தன் காற்றோட்ட யூனிட்டை, அதாவது ஏஎச்யூவை, ஓட்டிக் காட்டுவார். லிஃப்ட்காரரும் அப்படித்தான். ஒவ்வொருவரும் தன் சாமான் ஓடும்போது மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார். ஒருவருடைய வேலை இன்னொருவருடைய வேலையைத் தொடுகிற இடம் யாருடைய தாளிலும் இல்லை. கரண்ட் போகிற அந்த ஒரு நிமிடத்தில் அவை எல்லாம் ஒன்றையொன்று தொடும்.

அந்த நிமிடத்தைச் செக்கன் செக்கனாக எழுதிப் பாருங்கள். இணைப்பு போகிறது. யூபிஎஸ்ஸில் இருப்பவை, அதாவது தியேட்டர் விளக்கு, ஐசியூவின் முக்கிய சொக்கட்டுகள், அசையக்கூடாது. லோடை ஜெனரேட்டருக்கு மாற்றிவிடும் மாற்று ஸ்விட்ச் உடனே ஜெனரேட்டரை எழுப்பாது, இரண்டு மூன்று செக்கன் பார்த்திருக்கும். மழைக்காலத்தில் லைனில் மரக்கிளை உரசினாலே வோல்டேஜ் ஒரு கணம் விழுந்து எழும்பும், ஒவ்வொரு தடவையும் எஞ்சின் ஸ்டார்ட் ஆகத் தேவையில்லை. பிறகு எஞ்சின் பிடிக்கும், வோல்டேஜ் நிலைக்கும், ஸ்விட்ச் மாறும். உயிர்காக்கும் லோடுகளுக்கு 15 செக்கனுக்குள் மின் வர வேண்டும் என்பது மருத்துவ இடங்களுக்கான ஐஇசி என்ற சர்வதேச மின் தரம் வைத்திருக்கும் பிரிவுகளில் ஒன்று. உங்கள் ஸ்பெசிஃபிகேஷனில் என்ன எண் இருக்கிறதோ அதை அப்படியே எடுத்து எழுதுங்கள். அதன் பிறகு வெக்யூம் பம்ப், தியேட்டர் காற்றோட்டம், லிஃப்ட் என்று ஒவ்வொன்றாக வரும். அவை எந்த ஒழுங்கில், எத்தனை செக்கன் இடைவெளியில் வர வேண்டும்? இதற்குப் பதில் வரைபடத்தில் இல்லையென்றால், உங்கள் திட்டம் கண்டுபிடித்த முதல் இஷ்யூ அதுதான். டெஸ்டே தொடங்கவில்லை, லொக்கில் முதல் வரி விழுந்துவிட்டது. நல்லதுதான்.

இந்தத் தாளில் பலர் மறக்கிற பாதி ஒன்று உண்டு. கரண்ட் திரும்பி வருவதும் ஒரு டெஸ்ட்தான். இணைப்பு வந்து, அது நிலைத்திருக்கிறதா என்று ஸ்விட்ச் குறித்த நேரம் காத்திருந்து, லோடை மறுபடி மாற்றும்போது சாதாரண ஸ்விட்ச்களில் ஒரு சிறு வெட்டு விழும். பிழைகள் அந்தச் சிறு வெட்டில்தான் அதிகம் ஒளிந்திருக்கின்றன. கீழே ஒரு உதாரணம் வருகிறது.

இப்போது ஒழுங்கு. கடைசி நாளிலிருந்து பின்னோக்கி நடந்து வாருங்கள். அன்று ஜெனரேட்டர் முழு லோடை ஏற்க வேண்டுமென்றால், அதற்கு முன் லோட் பேங்க், அதாவது செயற்கையாக லோடு கொடுக்கும் கருவி, போட்டுத் தனியாக ஓடியிருக்க வேண்டும். அதற்கு முன் கேபிள் இன்சுலேஷன், எர்த், பிரேக்கர் செட்டிங் முடிந்திருக்க வேண்டும். மாற்று ஸ்விட்ச் வெறும் லோடில் மாறிக் காட்டியிருக்க வேண்டும். யூபிஎஸ் தன் பேட்டரியில் குறித்த நேரம் தாங்கியிருக்க வேண்டும். மோட்டார்கள் ஒவ்வொன்றாக ஓடி, சுழலும் திசை சரி பார்த்திருக்க வேண்டும். இந்தச் சங்கிலியைத் திட்டத்தில் எழுதும்போது திகதிகளைக் கோத்து வைக்காமல், "இது முடிந்து, இதில் தடுக்கும் இஷ்யூ எதுவும் திறந்திருக்கவில்லையென்றால் அது தொடங்கலாம்" என்று எழுதுங்கள். திகதி எப்படியும் நழுவும். நிபந்தனை அப்படி எளிதில் நழுவாது.

மலையில் இருப்பதால் இந்தச் சங்கிலியில் இரண்டு கண்ணிகள் கனமாகின்றன. முதலாவது லோட் பேங்க். ஹட்டன் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீட்டர். காற்று மெலிந்திருக்கும், எஞ்சினுக்குக் கிடைக்கும் ஒட்சிசனும் குறையும். டர்போ இல்லாத எஞ்சின் 300 மீட்டருக்கு ஏறத்தாழ 3 சதவீதம் சக்தி இழக்கும் என்பது பழைய கைக்கணக்கு. 500 கேவிஏ என்றால் 0.8 பவர் ஃபாக்டரில் 400 கிலோவாட். அந்தக் கைக்கணக்கின்படி 350 கிலோவாட்டுக்கு அருகில் வந்து நிற்கும். இப்போதைய டர்போ எஞ்சின்கள் பல இந்த உயரத்தில் பெரிதாக இழப்பதில்லை, குளிர் காற்றும் கொஞ்சம் கைகொடுக்கும். ஆனால் அதை எஞ்சின் தயாரிப்பாளரின் அட்டவணையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் ஓட்டிய சான்றிதழ் அந்த இடத்துக் காற்றுக்கானது. ஆகவே லோட் பேங்க் டெஸ்ட் சைட்டிலேயே நடக்க வேண்டும், ஏற்கும் எண் அட்டவணைப்படி குறைத்த எண்ணாக இருக்க வேண்டும் என்று திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். லோட் பேங்க் பெரும்பாலும் கொழும்பிலிருந்து லொறியில் வரும். அவிசாவளையிலிருந்து ஏறும் ஏ7 பாதை தென்மேற்குப் பருவமழையில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஜூன், ஜூலையில் அந்த லொறியை நம்பி ஒழுங்கைப் போடாதீர்கள்.

இரண்டாவது, குளிர்ந்த எஞ்சின். சாமம் கடந்து விடியற்காலையில் கரண்ட் போனால்தான் எஞ்சின் மிகக் குளிர்ந்திருக்கும். அந்த நிலையில் குறித்த நேரத்துக்குள் லோடு ஏற்பதற்காகத்தான் அதில் தண்ணீர்ச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். அந்தச் சூடாக்கி வேலை செய்யாவிட்டால் பகல் டெஸ்டில் அது தெரியவே தெரியாது. டெக்னீஷியன் பாவம், நல்லெண்ணத்தில், சாட்சிகள் வருவதற்கு அரைமணிக்கு முன் எஞ்சினை ஒருதரம் ஓட்டிச் சூடாக்கி வைத்துவிடுவார். அதனால் தாளின் முதல் வரியே "ஸ்டார்ட்டுக்கு முன் கூலன்ட் வெப்பநிலை, மணிக்கணக்கு மீட்டரின் எண், கடைசியாக ஓடிய நேரம்" என்று இருக்கட்டும். முதல்நாள் மாலை மீட்டரை ஒருவர் படம் எடுத்து வைத்தால், காலையில் எண் கூடியிருப்பது உடனே தெரியும். டெஸ்டை காலை ஏழுக்கு முன் வையுங்கள். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

உயரத்தைப் பற்றிப் பேசுகையில் இன்னொன்று. மருத்துவ வெக்யூம் டெஸ்டின் எண்ணை வேறு வைத்தியசாலைத் தாளிலிருந்து அப்படியே நகலெடுக்காதீர்கள். ஹட்டன் உயரத்தில் வளிமண்டல அழுத்தமே ஏறத்தாழ 87 கிலோபாஸ்கல்தான், கடல்மட்டத்தில் 101. கேஜில் "மைனஸ் 90" வேண்டும் என்று தாள் கேட்டால் எந்தப் பம்பாலும் அதைத் தர முடியாது. எண் கேஜ் அழுத்தமா, முழு அழுத்தமா என்று எழுதி, இந்த உயரத்துக்குத் திருத்திய எண்ணை டிசைன் பொறியியலாளரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

மருத்துவ வாயுக் குழாய்களின் மற்ற டெஸ்டுகள் தனி உலகம், இங்கே நீட்டவில்லை. ஒன்று மட்டும்: ஒரு நேரத்தில் ஒரு வாயுவுக்கு மட்டும் அழுத்தம் கொடுத்து, மற்றக் குழாய்கள் எல்லாம் வெறுமையாக இருக்க, வாயு வெளிவரும் ஒவ்வொரு அவுட்லெட்டாகத் திறந்து பார்க்கும் குறுக்கிணைப்பு டெஸ்டை அவசரத்துக்காக இடம் மாற்ற யாரையும் விடாதீர்கள்.

பொறுப்புகள் தலைப்புக்கு வருவோம். டெம்ப்ளேட்டில் ஒரு பெரிய கட்டம் இருக்கும், அதில் பாதிக்கு மேல் "கன்ட்ராக்டர்" என்றே நிரம்பியிருக்கும். அது ஒருவருக்கும் உதவாது. பொறுப்பை வினைச்சொல்லாக எழுதுங்கள். மெயின் பிரேக்கரில் கை வைப்பவர் யார்? "நிறுத்து" என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு? ஸ்டொப்வொச் யார் கையில்? ஐசியூவில் நிற்பவர் யார், தியேட்டரில் யார், பம்ப் அறையில் யார்? எண்ணை எழுதுபவர் யார்? ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆளின் பெயர், அவர் வராவிட்டால் மாற்று ஆளின் பெயர். நிறுத்தும் அதிகாரம் மட்டும் ஒருவரோடு நிற்க வேண்டாம், எந்த அறையில் நிற்பவரும் நிறுத்தலாம் என்று எழுதுங்கள்.

நீங்கள் கன்ட்ராக்டர் பக்கம் என்பதால் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். டெஸ்டை நடத்துவது உங்கள் வேலை. "பாஸ்" என்று சொல்வது உங்கள் வேலை அல்ல. அது உரிமையாளர் தரப்பில் நியமிக்கப்பட்ட கமிஷனிங் பொறுப்பாளருடையது. அப்படி ஒருவர் நியமிக்கப்படவில்லையென்றால், திட்டத்தை அனுப்பும் கடிதத்திலேயே அதைக் கேளுங்கள். இல்லாவிட்டால் கடைசியில் உங்கள் பிழையை நீங்களே பாஸ் பண்ணியதாக முடியும்.

வைத்தியசாலைத் தரப்பில் அத்தியட்சகரின் பெயரை மட்டும் போட்டுவிட்டு நிற்காதீர்கள். அவர் வருவார், தேநீர் குடிப்பார், போவார். ஐசியூ சிஸ்டர், தியேட்டர் சிஸ்டர், பயோமெடிக்கல் பொறியியலாளர் ஆகிய மூவரும் வேண்டும். ஐசியூவில் ஒரு வென்டிலேட்டரை டெஸ்ட் நுரையீரலோடு பொருத்தி ஓடவிட்டு, கரண்ட் போகும்போது எந்த அலாரம் அடிக்கிறது, எது தேவையில்லாமல் அடிக்கிறது என்று சொல்லக்கூடியவர் அந்த சிஸ்டர்தான். "இந்தக் கட்டிலுக்குப் பக்கத்துச் சொக்கட்டில்தான் நாங்க பம்ப் போடுவோம், அது ஏன் யூபிஎஸ்ஸில இல்ல?" என்று அவர் கேட்கிற கேள்வி எந்த வரைபடத்திலும் இருக்காது.

பொறுப்புகளில் மொழியையும் சேருங்கள். நம் பக்கத்து சைட்டில் எலக்ட்ரீஷியன் தமிழ், ஜெனரேட்டர் டெக்னீஷியன் சிங்களம், கன்சல்டன்ட் இங்கிலீஷ். வோக்கியில் "போடு", "போட்டாச்சு", "போடவா" எல்லாம் இரைச்சலில் ஒரே மாதிரித்தான் கேட்கும். ஐந்தாறு கட்டளைச் சொற்களை முதல்நாளே முடிவு செய்து, மூன்று மொழியிலும் ஒரு தாளில் அடித்து எல்லோர் கையிலும் கொடுங்கள். கேட்டவர் அதே சொல்லைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் கை நகர வேண்டும்.

சாட்சி விஷயத்தில் பொதுவாக நடப்பது, எல்லா டெஸ்டுக்கும் சாட்சி வேண்டும் என்று போட்டுவிட்டுக் கடைசியில் ஒன்றுக்கும் சாட்சி இல்லாமல் போவது. மூன்றாகப் பிரியுங்கள். சில டெஸ்டுகளில் சாட்சி வராமல் வேலையே நகரக்கூடாது. சிலவற்றுக்கு அழைப்புக் கொடுக்க வேண்டும், வராவிட்டால் நடத்தலாம். மீதிக்குப் பதிவைப் பிறகு பார்த்தால் போதும். முதல் வகையில் கைவிரல் எண்ணிக்கைக்கு மேல் வைக்காதீர்கள். உங்கள் கட்டடத்துக்கு என்றால் லோட் பேங்க், வாயுக் குறுக்கிணைப்பும் வாயு இன்னதென்று உறுதிசெய்வதும், தியேட்டரின் காற்றும் அழுத்தமும், தீ அலாரம் மற்றவற்றோடு சேர்ந்து இயங்குவது, கடைசியாக இந்தக் கரண்ட் வெட்டு டெஸ்ட். அவ்வளவுதான். எத்தனை நாள் முன் அறிவித்தல், யாருக்கு, எந்த வழியில் என்பதையும் எழுதுங்கள். கொழும்பிலிருந்து ஒரு அதிகாரி வர வேண்டுமென்றால் முதல்நாளே ஏறித் தங்க வேண்டியிருக்கும். அவருக்குரிய டெஸ்டுகளை அடுத்தடுத்த நாட்களில் சேர்த்துப் போட்டால் வருவார், மாதத்தில் பரத்திப் போட்டால் கையெழுத்துக்குத் தாள் அனுப்பச் சொல்வார்.

சாட்சி என்பவர் எண்ணைக் கண்ணால் பார்ப்பவர். ஆகவே தாளில் முதலில் மீட்டர் காட்டிய எண்ணுக்கான கட்டம், அதற்குப் பக்கத்தில் நேரம், அதன் பிறகே பாஸ் அல்லது ஃபெயில். சாட்சியின் சுருக்கொப்பம் எண்ணுக்குப் பக்கத்தில் விழட்டும், தாளின் அடியில் அல்ல. "15 செக்கனுக்குள் வந்தது" என்று எழுதிய தாளை நம்ப மாட்டேன். "11.4" என்று எழுதியிருந்தால் நம்புவேன்.

இனி இஷ்யூ லொக். மலைநாட்டில் ஒரு வைத்தியசாலையின் கரண்ட் வெட்டு டெஸ்டில் நடந்ததைச் சொல்கிறேன். லொக் எப்படி எழுதப்பட வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது.

காலை டெஸ்ட். ஜெனரேட்டர் 11 செக்கனில் லோடு எடுத்தது. ஐசியூ நன்றாக இருந்தது. தியேட்டர் ஒன்றின் காற்றோட்டம் வந்தது, இரண்டினுடையது வரவில்லை. சைட் பையன் லொக்கில் எழுதியது: "தியேட்டர் 2 ஏஎச்யூ வேலை செய்யவில்லை. பொறுப்பு: ஏசி." ஏசிக்காரர் மதியம் வந்து பார்த்தபோது மின்சார சபைக் கரண்ட் இருந்தது, யூனிட் அழகாக ஓடியது. "பிழை இல்லை" என்று எழுதி மூடிவிட்டார். அவர் எழுதியது பொய்யும் அல்ல.

அது இப்படி எழுதப்பட்டிருக்க வேண்டும்: "இணைப்புத் துண்டித்து ஜெனரேட்டர் லோடு எடுத்த பின் 3 நிமிடம் வரை தியேட்டர் 2 விசிறி தொடங்கவில்லை. தியேட்டர் 1 தொடங்கியது. யூனிட்டின் பவர் பெனலில் மின் இருந்தது. கன்ட்ரோலரின் திரை இருட்டாக இருந்தது. இணைப்புத் திரும்பியதும் தானாகத் தொடங்கியது." காரணம் எழுதவில்லை, பொறுப்பும் உடனே சாட்டவில்லை, பார்த்ததை மட்டும் எழுதியிருக்கிறது. ஆனால் "கன்ட்ரோலரின் திரை இருட்டு" என்ற அந்த ஒரு வரி வழியைக் காட்டிவிடுகிறது. விசிறிக்கு ஜெனரேட்டர் மின் வருகிறது, விசிறிக்குக் கட்டளை கொடுக்கும் கன்ட்ரோலருக்கு வரவில்லை. கேபிளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பிந்தி வந்த கன்ட்ரோல் பெனலுக்கு, மின் வேலைக்காரர் பக்கத்தில் இருந்த சாதாரண விநியோகப் பெட்டியிலிருந்து கரண்ட் எடுத்திருந்தார். ஜெனரேட்டர் பக்கத்தில் அந்தப் பெட்டி இல்லை. பிழை ஏசிக்காரருடையதே அல்ல.

கேபிளை ஜெனரேட்டர் பக்கத்துப் பெட்டிக்கு மாற்றினார்கள். இந்த இடத்தில்தான் பல லொக்குகள் "சரிசெய்யப்பட்டது" என்று மூடிக்கொள்ளும். மூடவில்லை, டெஸ்டை முழுதாக மறுபடி ஓட்டினார்கள். இம்முறை இரண்டு விசிறிகளும் வெக்யூம் பம்பும் ஒரே செக்கனில் பாய்ந்தன. இந்த மோட்டார்கள் நேரடி ஸ்டார்ட்டரில் இருந்தவை. நேரடியாகத் தொடங்கும் மோட்டார் தன் சாதாரண கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். ஜெனரேட்டரின் வோல்டேஜ் ஒரு கணம் சறுக்கியது, வெக்யூம் பம்பின் கொன்டாக்டர், அதாவது மோட்டாருக்கு மின்னைக் கொடுக்கும் ஸ்விட்ச், விட்டுப்போனது. அது கையால் ரீசெட் பண்ணும் வகை, தானாகத் திரும்பவில்லை. முன்னைய டெஸ்டில் இது வரவில்லை, ஏனென்றால் அன்று இரண்டாவது விசிறி இல்லை. ஒரு பிழை இன்னொன்றை மறைத்துக்கொண்டிருந்தது.

பம்புக்கு 5 செக்கன், முதல் விசிறிக்கு 20, இரண்டாவதுக்கு 35 என்று தாமதம் வைத்தார்கள். துண்டிப்பு டெஸ்ட் பாஸ். பிறகு இணைப்பைத் திருப்பினார்கள். ஸ்விட்ச் மாறும்போது விழுந்த சிறு வெட்டு, கன்ட்ரோலரின் பவர் சப்ளை தாங்கிக்கொள்ளும் அளவுக்குச் சிறியது, கொன்டாக்டர்கள் தாங்காத அளவுக்குப் பெரியது. கன்ட்ரோலர் எதுவும் நடந்ததாக அறியவே இல்லை. விசிறி ஓடிக்கொண்டிருக்கிறது என்றே நினைத்துக் கட்டளையைப் பிடித்துக்கொண்டிருந்தது, தாமதம் தொடங்கவில்லை, எல்லாம் மறுபடி ஒன்றாகப் பாய்ந்தன. மின்சார சபைப் பக்கத்தில் பலம் அதிகம் என்பதால் அன்று ஒன்றும் விழவில்லை. ஜெனரேட்டரிலேயே அப்படியொரு வெட்டு வந்தால் விழும். மாற்று ஸ்விட்ச் மாறுவதற்கு முன் கொடுக்கும் சமிக்ஞையைக் கன்ட்ரோலர்களுக்குக் கொடுத்து, அது வந்ததும் மோட்டார்களை இறக்கிவிட்டு, மாறிய பின் தாமதத்தோடு ஏற்றும்படி செய்த பிறகே விஷயம் முடிந்தது.

இதை லொக்கில் மூன்று புது இஷ்யூவாக எழுதக்கூடாது. 31, 31-அ, 31-ஆ என்று ஒரே கிளையில் எழுதுங்கள். மூன்றும் சேர்ந்து மூடினால்தான் 31 மூடும். ஒவ்வொரு வரியிலும் "எந்த டெஸ்டை மறுபடி ஓட்ட வேண்டும்" என்ற கட்டம் ஒன்று இருக்கட்டும். திருத்தம் எதைத் தொட்டதோ அதெல்லாம் மறுபடி ஓட வேண்டும், பிழை வந்த யூனிட் மட்டும் அல்ல. திருத்தியவர் "தயார்" என்று எழுதலாம். மூடுவது, மறு டெஸ்டைக் கண்ணால் பார்த்த சாட்சி.

இஷ்யூவின் தரத்துக்கு மூன்று படி போதும். இது இருக்கும்வரை அந்த இடத்தில் நோயாளி வரக்கூடாது என்பது ஒன்று. வரலாம், ஆனால் திகதி குறித்துத் திருத்த வேண்டும் என்பது அடுத்தது. மற்றது பெயின்ட் கீறல் வகை. படியை விட யார் படியை இறக்கலாம் என்பதுதான் முக்கியம். திறப்பு விழாவுக்கு அமைச்சர் வரும் திகதி முடிவாகிவிட்டால், முதல்படி இஷ்யூக்கள் முதல்நாள் இரவு மாயமாக இரண்டாம் படிக்கு இறங்கிவிடும். கமிஷனிங் பொறுப்பாளரும் அந்தப் பிரிவின் சிஸ்டர் அல்லது டொக்டரும் இருவரும் காரணம் எழுதிக் கையெழுத்திட்டால் மட்டுமே இறங்கும் என்று திட்டத்தில் இப்போதே எழுதி வையுங்கள். அப்போது எழுதப்போனால் யாரும் கேட்க மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று, இது உங்கள் கம்பனிக்குப் பிடிக்காது. லோட் பேங்க் காட்டுவது சமமான, அமைதியான லோடு. ஆட்கள் குடியேறி, எக்ஸ்ரே, ஸ்டெரிலைசர், சமையலறை எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு கட்டடத்தின் லோடு வேறு. ஆகவே வைத்தியசாலை இயங்கத் தொடங்கிய சில மாதங்களில், வைத்தியர்களின் சம்மதத்தோடு, தியேட்டர் பட்டியல் இல்லாத ஒரு ஞாயிறு காலையில் இதே தாளை வைத்து இதே டெஸ்டை மறுபடி நடத்த வேண்டும் என்று திட்டத்தில் சேருங்கள். பிடித்துவைத்த பணத்தின் ஒரு பங்கு அந்த டெஸ்ட் முடியும்வரை விடுவிக்கப்படாது என்றும் சேருங்கள். அந்த வரி இல்லாவிட்டால், பணம் கைக்குப் போன பிறகு ஜெனரேட்டர்காரரை ஹட்டன் வரை ஏற்றுவது உங்களால் முடியாது.